புள்ளி அழியாமல் வெட்டுவது எப்படி?
ஜேபெக் படத்தின் கட்டங்களும் மீள்சேமிப்பின் இழப்பும்

அரபு எழுத்துக்களை ஓதத் தெரிந்த எவருக்கும் புள்ளியின் பெறுமதி தெரியும். ஒரே வளைவுதான். கீழே ஒரு புள்ளி வைத்தால் பா, மேலே இரண்டு வைத்தால் தா, மூன்று வைத்தால் ஸா. அரபுத் தமிழில் இந்தப் புள்ளிகளுக்கு இன்னும் கூடுதல் வேலை உண்டு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளைக் காட்ட, இருக்கின்ற எழுத்துக்களிலேயே மேலதிகப் புள்ளிகளை இட்டுத்தான் நம் முன்னோர்கள் எழுதினார்கள். தமிழ் எழுத்திலும் அப்படியே. 'பல்' என்பதில் புள்ளி போய்விட்டால் அது 'பல' ஆகிவிடும்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நமது கரையோர ஊர்களில் பழைய அரபுத் தமிழ் நூல்கள் சில வீடுகளில் இன்னமும் இருக்கின்றன. கடற்காற்றும் கறையானும் தின்றது போக, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டு போனது போக மிஞ்சியவை அவை. இன்று அவற்றைக் காப்பதற்கு நாம் செய்யும் முதல் வேலை கைத்தொலைபேசியில் படம் எடுப்பதுதான். அதன்பின் ஓரத்தில் தெரியும் மேசையையும் விரலையும் வெட்டி நீக்கிச் சேமிப்போம். யாருக்காவது அனுப்புவோம். அவர் இன்னும் கொஞ்சம் வெட்டி, வெளிச்சம் கூட்டி, மீண்டும் சேமிப்பார். ஐந்தாறு கை மாறிய பின் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல ஒரு புகை தெரியும். இரண்டு புள்ளியா மூன்று புள்ளியா என்று ஓதுகிறவருக்கு ஐயம் வரும்.

இது ஏன் நடக்கிறது, வெட்டும்போது ஒரு சிறு இழப்பும் இல்லாமல் எப்படி வெட்டலாம் என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு படம் எட்டுக்கு எட்டாக நறுக்கப்படுகிறது

தொலைபேசி எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் வகைக் கோப்புக்கள். ஜேபெக் ஒரு படத்தைப் பிக்ஸல் பிக்ஸலாக எழுதி வைப்பதில்லை. முதலில் நிறத்தை, ஒளிர்வு ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்று மூன்றாகப் பிரிக்கிறது. பின்னர் ஒவ்வொன்றையும் 8 பிக்ஸல் அகலமும் 8 பிக்ஸல் உயரமும் கொண்ட சிறு கட்டங்களாக நறுக்குகிறது. ஒரு கட்டத்தில் 64 பிக்ஸல்கள். அந்த 64 பெறுமானங்களையும் கோசைன் அலைகளின் கூட்டாக மாற்றினால் 64 குணகங்கள் கிடைக்கும். முதலாவது குணகம் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்லும். அடுத்தடுத்தவை மெதுவான மாற்றங்களையும், கடைசியில் உள்ளவை மிக நுண்ணிய மாற்றங்களையும் சொல்லும். ஒரு புள்ளியின் கூர்மையான விளிம்பு அந்த நுண்ணிய குணகங்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

இந்தக் கோசைன் உருமாற்றத்தைக் கண்டுபிடித்தவர் 1940இல் பெங்களூரில் பிறந்த நசீர் அஹ்மத். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இந்த ஆய்வுக்காக 1972இல் நிதி கேட்டார். நிதி கிடைக்கவில்லை. அவர் வேலையைத் தொடர்ந்தார். ரீ. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. இன்று நம் தொலைபேசியில் உள்ள ஒவ்வொரு ஜேபெக் படமும் அந்தக் கணக்கின் மீதுதான் நிற்கிறது.

இழப்பு நடப்பது மட்டந்தட்டும் இடத்தில்

இதுவரை பெரிதாக எதுவும் இழக்கப்படவில்லை. கோசைன் உருமாற்றத்தைத் திருப்பிச் செய்தால் பழைய பெறுமானங்கள் வந்துவிடும். இழப்பு அடுத்த படியில் நடக்கிறது. 64 குணகங்களில் ஒவ்வொன்றையும் அதற்கென்று குறித்த ஓர் எண்ணால் வகுத்து, விடையை முழு எண்ணுக்கு மட்டந்தட்டி எழுதுகிறார்கள். அந்த வகுக்கும் எண்ணை இங்கே 'படி' என்று அழைப்போம். சேமிக்கும்போது நாம் நகர்த்தும் தரம் என்னும் அளவுகோல் உண்மையில் இந்தப் படிகளைத்தான் மாற்றுகிறது. பரவலாகப் பயன்படும் அட்டவணையில், தரம் 50 என்றால் ஒளிர்வின் முதற் குணகத்துக்குப் படி 16, கடைசிக் குணகத்துக்கு 99. தரம் 75 என்றால் அவை 8, 50 என்று ஏறத்தாழப் பாதியாகும்.

ஒரு குணகம் 37 என்று வைத்துக்கொள்வோம். படி 10. வகுத்தால் 3.7, மட்டந்தட்டினால் 4. கோப்பில் எழுதப்படுவது இந்த 4தான். திறக்கும்போது 4ஐ 10ஆல் பெருக்கி 40 என்று எடுத்துக்கொள்ளும். 37 என்பது இனி எங்கும் இல்லை. இன்னொரு நுண்ணிய குணகம் 4 ஆக இருந்தால் 0.4 என்பது 0 ஆகிவிடும். அது முற்றாகவே போய்விட்டது.

இப்போது அதே படத்தை அதே தரத்தில் மீண்டும் சேமித்தால் என்ன ஆகும்? 40ஐ 10ஆல் வகுத்தால் மிகச் சரியாக 4. திறந்தால் மீண்டும் 40. புதிதாக இழப்பு இல்லை. இடையில் பிக்ஸல் பெறுமானங்களை முழு எண்ணாக்குவதாலும் நிறத்தை மாற்றுவதாலும் சிறு சிறு ஆட்டங்கள் வரும். ஆனால் ஒரே மென்பொருளில், ஒரே தரத்தில், எதையும் மாற்றாமல் சேமித்துக்கொண்டே போனால் சில தடவைகளுக்குப் பின் படம் ஏறக்குறைய ஒரு நிலையில் நின்றுவிடும். படத்தைத் திறந்து பார்ப்பதாலோ, கோப்பை வேறொரு கோப்புறைக்குப் பிரதி எடுப்பதாலோ ஒரு துளியும் குறையாது. 'பத்துத் தடவை திறந்தால் படம் கெட்டுவிடும்' என்று சிலர் சொல்வது சரியல்ல.

கெடுவது இரண்டு காரணங்களால். முதலாவது, ஒவ்வொரு கையிலும் படி மாறுவது. நமது 40ஐ அடுத்தவர் படி 14 உள்ள தரத்தில் சேமிக்கிறார். 40ஐ 14ஆல் வகுத்தால் 2.86, மட்டந்தட்டினால் 3, திறந்தால் 42. அதற்கடுத்தவருக்குப் படி 16. 42 வகுத்தல் 16 என்பது 2.6, மட்டந்தட்டினால் 3, திறந்தால் 48. யாரோ ஒருவர் 'நல்ல தரத்தில் வைப்போம்' என்று மீண்டும் படி 10இல் சேமிக்கிறார். 4.8 என்பது 5 ஆகி, திறந்தால் 50. 37 ஆகத் தொடங்கியது 50 ஆகிவிட்டது. நல்ல தரத்துக்குத் திரும்பியதால் 37 திரும்பி வரவில்லை. தரம் 75இல் இருந்த படத்தைத் தரம் 95இல் சேமித்தால் கோப்புத்தான் பருக்கும். போன நுணுக்கம் வராது.

இரண்டாவது காரணம் வெட்டுதல். நமது கட்டுரைக்கு இதுவே முக்கியம்.

வெட்டினால் கட்டம் நகர்கிறது

ஜேபெக் எப்போதும் படத்தின் மேல் இடது மூலையிலிருந்துதான் கட்டங்களை எண்ணத் தொடங்கும். இடப் பக்கத்தில் 5 பிக்ஸல் வெட்டினோம் என்று கொள்வோம். புதிய படத்தின் முதற் கட்டம், பழைய முதற் கட்டத்தின் 3 நிரல்களையும் இரண்டாம் கட்டத்தின் 5 நிரல்களையும் சேர்த்துக்கொள்ளும். படம் முழுவதும் இதே கதைதான். பழைய குணகங்கள் 10இன் மடங்குகளாக ஒழுங்காக இருந்தன. புதிய கட்டத்தில் கணிக்கப்படும் குணகங்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஆகவே அதே தரத்தில் சேமித்தாலும் எல்லாமே புதிதாக மட்டந்தட்டப்படும். அதற்கும் மேலாக, பழைய கட்டங்களின் எல்லையில் இருந்த மெல்லிய கோடு இப்போது புதிய கட்டத்தின் நடுவில் விழும். ஜேபெக் அதையும் படத்தின் ஒரு பகுதி என்றெண்ணிக் கவனமாகச் சேமிக்கும். பிழையும் சேர்ந்து பாதுகாக்கப்படுகிறது. இப்படி ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவில் வெட்டினால் ஒவ்வொரு தடவையும் கட்டம் நகரும், ஒவ்வொரு தடவையும் இழப்பு நடக்கும்.

அப்படியானால் கட்டத்தின் எல்லையிலேயே வெட்டினால்? பழைய கட்டங்களை அப்படியே தூக்கிப் புதிய கோப்பில் வைக்கலாம். கோசைன் கணக்கைத் திருப்பவோ மறுபடி மட்டந்தட்டவோ தேவையில்லை. jpegtran என்ற சிறு நிரல் செய்வது இதைத்தான். இது லிப்ஜேபெக் என்னும் இலவச மென்பொருள் தொகுதியுடன் வருவது. கோப்பில் அந்த முழு எண்கள் ஹஃப்மன் குறிமுறையில் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். jpegtran அந்தச் சுருக்கத்தை மட்டும் அவிழ்த்து, வேண்டிய கட்டங்களின் எண்களை எடுத்து, மீண்டும் சுருக்கி எழுதுகிறது. ஹஃப்மன் சுருக்கத்தில் இழப்பு இல்லை. 4 என்பது 4 ஆகவே போகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லை என்பது எப்போதும் 8 அல்ல. தொலைபேசிப் படங்களில் நிற வேறுபாட்டுத் தகவல் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். அப்போது ஒளிர்வுக் கட்டங்கள் நான்கும் நிறக் கட்டங்கள் இரண்டும் சேர்ந்த ஆறும் ஒரே அலகாகும். அதன் அளவு 16க்கு 16. ஆகவே வெட்டும் எல்லை 16இன் மடங்காக இருக்க வேண்டும். நமது படம் எந்த வகை என்று பார்க்க இமேஜ்மஜிக் மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு:

```
identify -format "%[jpeg:sampling-factor]" nool.jpg
```

விடை `2x2,1x1,1x1` என்றால் அலகு 16க்கு 16. `1x1,1x1,1x1` என்றால் 8க்கு 8. `2x1,1x1,1x1` என்றால் அகலம் 16, உயரம் 8.

ஒரு பக்கத்தை வெட்டிப் பார்ப்போம்

விரித்து வைத்த ஓர் அரபுத் தமிழ் நூலைத் தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். அளவு 4000க்கு 3000 பிக்ஸல். அலகு 16க்கு 16. நூலின் மேல் இடது மூலையின் ஆள்கூறு (437, 210). கீழ் வலது மூலை (3650, 2790). ஆகவே நமக்கு வேண்டிய அகலம் 3213, உயரம் 2580. கட்டளை இது:

```
jpegtran -copy all -crop 3213x2580+437+210 -outfile vettu.jpg nool.jpg
```

437ஐ 16ஆல் வகுத்தால் 27, மீதி 5. அதாவது 437 எல்லையில் இல்லை. jpegtran இதற்காகப் பிழைச் செய்தி காட்டாது. சத்தமில்லாமல் இடது எல்லையை 27 × 16 = 432க்கு நகர்த்தும். அதேபோல் 210க்கு 13 × 16 = 208. கீழ் வலது மூலை அதே இடத்தில் இருக்கும். எனவே கிடைக்கும் படம் 3650 − 432 = 3218 அகலம், 2790 − 208 = 2582 உயரம். நாம் கேட்டதைவிட இடப் பக்கம் 5 பிக்ஸலும் மேலே 2 பிக்ஸலும் கூடுதல். மேசையின் ஒரு மெல்லிய கோடு ஓரத்தில் தெரியலாம். இழப்பில்லாமல் வெட்டுவதற்கு நாம் கொடுக்கும் விலை அவ்வளவுதான். அது பிடிக்காவிட்டால் 437க்குப் பதிலாக அடுத்த எல்லையான 448ஐக் கொடுக்கலாம். ஆனால் அந்த 11 பிக்ஸல்களுக்குள் எழுத்து ஏதும் இல்லையா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலப் பக்கத்துக்கும் கீழ்ப் பக்கத்துக்கும் ஏன் இந்தக் கட்டுப்பாடு இல்லை? எண்ணத் தொடங்குவது மேல் இடது மூலையில் என்பதால் அங்கே அரை அலகு இருக்க முடியாது. கடைசி அலகு மட்டும் பாதி தெரிந்தால் போதும். நமது மூலப்படத்தையே பாருங்கள். 3000ஐ 16ஆல் வகுத்தால் 187.5. ஆகவே கோப்பில் 188 நிரை அலகுகள் இருக்கின்றன. கடைசி நிரையின் கீழ்ப்பாதி காட்டப்படுவதில்லை.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. வெட்டிய படத்தின் அகலம் 3218. அதைக் கொள்ள 202 அலகுகள் வேண்டும். 202 × 16 = 3232. அப்படியானால் வலப் பக்கத்தில் 14 நிரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் கோப்புக்குள் இருக்கின்றன. கீழேயும் 10 நிரைகள் அப்படியே. நூலுக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் ஒரு குடும்பப் படத்தில் ஒருவரை மறைப்பதற்காக வெட்டும்போது இது நினைவில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய விடயம் `-copy all` என்பது. அது படம் எடுத்த திகதி, இடம் போன்ற குறிப்புக்களையும், கோப்புக்குள் இருக்கும் விரல்நக அளவான சிறு முன்தோற்றப் படத்தையும் அப்படியே பிரதி செய்யும். அந்தச் சிறு படத்தில் வெட்டப்பட்டவர் இன்னமும் நின்றுகொண்டிருப்பார்! மறைப்பதுதான் நோக்கமென்றால் `-copy none` என்று கொடுக்க வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பல வேளைகளில் கோப்புக்குள் கிடையாகவே இருக்கும். 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். `-copy none` அந்தக் குறிப்பையும் நீக்குவதால் படம் சரிந்து தோன்றும். ஆள்கூறுகளும் கோப்பில் உள்ள கிடையான படத்துக்கு உரியவையே, திரையில் நாம் காண்பதற்கு அல்ல. வெட்டிய பகுதி சம்பந்தமில்லாத இடமாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கட்டளைகள் தட்டச்சு செய்யப் பிரியமில்லாதவர்களுக்கு, விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளின் துணை நிரலும் இதே வேலையைச் செய்யும். பட்டியலில் `lossless` என்ற சொல் உள்ள வெட்டலைத்தான் தெரிவு செய்ய வேண்டும். சாதாரண வெட்டலைச் செய்து சேமித்தால் அது மறுபடி மட்டந்தட்டும்.

இழப்பு நடந்ததா என்று எப்படி அறிவது?

முதற் சோதனை அளவு. வெட்டிய படத்தின் அளவு நாம் கேட்ட 3213க்கு 2580 ஆகவே மிகச் சரியாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும். ஏனெனில் 437இல் எல்லை இல்லை. இழப்பில்லாத வெட்டல் 3218க்கு 2582 என்றுதான் வரும்.

இரண்டாவது சோதனை ஒப்பீடு. கிம்ப் போன்ற ஒரு மென்பொருளில் மூலப்படத்தைக் கீழ் அடுக்காகவும், வெட்டிய படத்தை மேல் அடுக்காகவும் வைத்து, மேல் அடுக்கைச் சரியாக (432, 208) என்ற இடத்துக்கு நகர்த்தி, வித்தியாசம் காட்டும் முறைக்கு மாற்ற வேண்டும். இழப்பில்லை என்றால் அந்தப் பகுதி முழுக் கறுப்பாக இருக்கும். விளிம்பில் மட்டும் ஒரு பிக்ஸல் அகலத்துக்கு மிக மெல்லிய நிற வேறுபாடு தெரியலாம். பாதியாகக் குறைத்த நிறத்தை விரிக்கும்போது பக்கத்து அலகையும் பார்ப்பதால் வருவது அது. கோப்பில் உள்ள எண்கள் மாறவில்லை. மறுபடி சேமித்த படமாக இருந்தால் ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வித்தியாசம் மங்கலாகத் தெரியும்.

மூன்றாவது, கண். படத்தை நான்கு மடங்கு பெருப்பித்து, எழுத்துக்குப் பக்கத்து வெற்றுக் கடதாசியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சிறு சிறு அலைகள் எழுத்தை ஒட்டிக் கிடந்தால், நுண்ணிய குணகங்கள் பலவும் போய்விட்டன. வெற்றுக் கடதாசியில் சதுரங்கள் தெரிந்தால் படிகள் மிகப் பெரியவை. அந்தப் படத்தை வைத்து இரண்டு புள்ளியா மூன்றா என்று தீர்மானிக்கக் கூடாது. மூலத்தைத் தேடிப் போக வேண்டும்.

எதற்கு இது உதவாது?

இழப்பில்லாமல் செய்யக்கூடியது வெட்டலும், செங்கோண அளவுகளில் திருப்பலும் போன்ற சில வேலைகள் மட்டுமே. சரிந்திருக்கும் பக்கத்தை 2 பாகை நிமிர்த்தவோ, வெளிச்சம் கூட்டவோ, அளவைச் சிறிதாக்கவோ வேண்டுமானால் பிக்ஸல்களைத் தொட்டே ஆக வேண்டும். அப்போது மறுபடி மட்டந்தட்டாமல் இருக்க முடியாது. செய்யக்கூடியது, அது ஒரே ஒரு தடவை நடக்கும்படி பார்த்துக்கொள்வது. மூலப்படத்தைத் திறந்து, எல்லா வேலைகளையும் ஒன்றாகச் செய்து முடித்து, கடைசியில் ஒரு தடவை ஜேபெக்காகச் சேமிக்கலாம். வேலை பல நாள் நீளுமானால் இடையில் பிஎன்ஜி அல்லது டிஃப் வகையில் வைத்திருக்கலாம். அவை மட்டந்தட்டுவதில்லை. கோப்பு மட்டும் பல மடங்கு பெரிதாகும்.

அனுப்பும் வழியும் கணக்கில் வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சிறிதாக்கி மறுபடி சேமித்துத்தான் அனுப்பும். 4 பிக்ஸல் அகலமான புள்ளி அங்கேயே 2 பிக்ஸலாகச் சுருங்கிவிடலாம். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு ஒரு பைட்டும் மாறாமல் போய்ச் சேரும். jpegtran கொண்டு கவனமாக வெட்டிய படத்தைப் படமாக அனுப்பிவிட்டால் வெட்டும்போது காத்த புள்ளிகளை வழியில் தொலைத்தது போலாகும்.

ஆகவே வீட்டில் உள்ள பழைய நூலைப் படமெடுப்பவர் தொலைபேசி தந்த கோப்பை ஒரு தனிக் கோப்புறையில் தொடாமல் வைக்கட்டும். பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் கட்ட எல்லையில் வெட்டிய பிரதி போதும். இன்னொருவர் 'எழுத்து விளங்கவில்லை, வெளிச்சம் கூட்டித் தாருங்கள்' என்று கேட்டால், கை மாறிவந்த பிரதியிலிருந்து அல்ல, அந்தக் கோப்புறையில் உள்ளதிலிருந்து தொடங்க வேண்டும். அங்கேதான் அந்த 37க்கு மிக நெருங்கிய எண் இன்னமும் இருக்கிறது.